கட்ட முடியாத புடவைதான் வேண்டும்

கோவைப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் ஆடை வடிவமைப்பு மன்றத்துப் பெண்கள் பழைய புடவைகளை வைத்து ஒரு ஃபேஷன் ஷோ நடத்துகிறார்கள். பங்கேற்க விரும்புபவர்களுக்காக அவர்கள் போட்டிருக்கும் அறிவிப்பின் முதல் விதி இது: இன்னும் கட்டக்கூடிய நிலையில் இருக்கும் புடவையைக் கொண்டு வராதீர்கள். கிழிந்தது, மடிப்பில் விட்டது, கறை போகாதது, பீரோவின் அடியில் இத்துப்போனது, இவைதான் வேண்டும்.

இந்த ஒரு விதிக்காகவே அந்த மன்றத்தைப் பாராட்டலாம். பழைய புடவையை மறுஆக்கம் செய்கிறோம் என்ற பெயரில் நல்ல காஞ்சிபுரத்தையும் செட்டிநாட்டுக் கண்டாங்கியையும் கத்தரியால் கூறுபோட்டு, குட்டை மேலாடையாகவும் கைப்பையாகவும் மாற்றி வைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்தரை மீட்டர் துணி யாருடைய உடம்புக்கும் பொருந்தும். எந்த அளவுக்கும் மறுபடி மறுபடி மாற்றிக் கட்டலாம். அதை ஒருவருடைய அளவுக்கு வெட்டித் தைத்துவிட்டால் அந்தச் சௌகரியம் போய்விடும். உயிரோடு இருக்கும் புடவையை வெட்டினால் அது நஷ்டக் கணக்கு. புடவையாக அதன் காலம் முடிந்த பிறகு கத்தரியை எடுப்பதுதான் சரி.

போட்டியின் கருப்பொருள் 'ஒரு புடவை, ஓர் ஆள்'. ஒரே புடவையிலிருந்து ஒருவருக்குத் தலை முதல் கால் வரை உடுத்தத் தேவையானதைத் தைக்க வேண்டும். பாவாடையும் மேலாடையும் தைக்கலாம், சல்வார் கமீஸ் தைக்கலாம், ஆணுக்குக் குர்தாவும் மேல்கோட்டும் தைக்கலாம். புதுத் துணி உள்துணிக்கும் இடுப்புப் பட்டிக்கும் மட்டும்தான். பட்டு, பருத்தி, செயற்கை இழை எதுவும் வரலாம். ஆனால் பழைய காஞ்சிபுரம் பட்டைக் கையில் எடுப்பவர்களுக்குத்தான் வேலை அதிகம், கற்றுக்கொள்வதும் அதிகம். அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

வெட்டுவதற்கு முன் புடவையைப் படிக்க வேண்டும். அறிவிப்பிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நூறு மதிப்பெண்ணில் இதற்கு மட்டும் இருபத்தைந்து. படிப்பதென்றால் என்ன? பகலில் ஜன்னல் பக்கம் நின்று, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, புடவையை வெளிச்சத்துக்கு எதிரே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். நல்ல இடத்தில் வெளிச்சம் சீராகத் தெரியும். இழை நைந்த இடம் மேகம் கலைந்தது போல் வெளுத்திருக்கும். மடிப்பு விட்ட இடத்தில் கோடாகவே ஒளி வரும். சந்தேகமான இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் ஓர் அங்குல இடைவெளியில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல பட்டு நின்று பிடிக்கும். இத்துப்போன பட்டு மெல்லிய சரசரப்போடு காகிதம் போல் விட்டுவிடும். அப்படி விட்ட இடத்தைச் சுற்றி வேறு நிற நூலால் இழையோட்டி அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். சாக்பீஸ் பழைய பட்டில் படிந்தால் போகாது.

பட்டு ஏன் மடிப்பிலேயே விடுகிறது என்பதை யோசித்துப் பார்த்தால், எங்கே வெட்டுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பல வீடுகளில் புடவையை முதலில் அகலவாக்கில் பாதியாக மடிப்பார்கள். ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் அகலம் 60 ஆகிறது. பிறகு நீளவாக்கில் பாதி, அதில் பாதி என்று நான்கு தடவை மடித்தால் 550 சென்டிமீட்டர் நீளம் 34 சென்டிமீட்டர் ஆகிவிடும். வருஷக்கணக்கில் பிரித்து மாற்றி மடிக்காமல் அப்படியே வைத்தால், அந்தக் கோடுகளில் இழை உடைந்துகொண்டே வரும். ஜரிகை இருக்கும் இடத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே மடிவது உலோகம். ஆக, விட்டுப்போன பட்டுப்புடவை கண்டபடி கிழிந்த துணி அல்ல. 34 சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குக் கோடும் நடுவில் ஒரு நெடுங்கோடும் போட்ட கட்டம் அது. கோடுகளுக்கு நடுவே இருக்கும் துண்டுகள் பெரும்பாலும் திடமாகவே இருக்கும்.

மடிப்பைத் தவிர உடம்பு உழைத்த இடங்களும் உண்டு. கீழ்க்கரை தரையிலும் மெட்டியிலும் உரசி நைந்திருக்கும். இடது தோளில் ஊக்கு குத்திய ஓட்டைகள் இருக்கும். இடுப்பில் வியர்வை பட்ட இடம் நிறம் மாறி, பட்டே மொடமொடத்திருக்கும். முதல் சுற்றாக உள்ளே போகும் பகுதியில் வெயில் படாததால் அசல் நிறம் அப்படியே இருக்கும். அந்த நிறத்தைக் கொசுவத்தின் நிறத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று தெரியும். இரண்டு பகுதியையும் அடுத்தடுத்து வைத்துத் தைத்தால் மேடை விளக்கில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து ஜரிகை. பழைய அசல் ஜரிகையின் நடுவில் சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல் இருக்கும். அதன்மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றி, பொன்முலாம் பூசியிருப்பார்கள். ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டினால், உள்ளே சிவப்பு தெரிகிறதா வெள்ளை தெரிகிறதா என்று பார்க்கலாம். வெள்ளை நூல் வந்தால் பெரும்பாலும் போலி. இதில் பெருமைக்கு ஒன்றுமில்லை, இஸ்திரிப்பெட்டிக்காகத்தான் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் தகட்டில் செய்த ஜரிகை சூட்டில் சுருங்கிக் கூனிவிடும். அசல் ஜரிகை தாங்கும், ஆனால் மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு உள்பக்கத்திலிருந்துதான் தேய்க்க வேண்டும். வெள்ளி கறுத்திருந்தால் தேய்த்து மினுக்கப் பார்க்கக் கூடாது, மேலே இருக்கும் பொன்முலாம் போய்விடும்.

அசல் ஜரிகைப் புடவைக்குத் தெருவில் எப்போதும் ஒரு விலை உண்டு. பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் அதை எரித்து வெள்ளியைப் பிரித்து எடுக்கத்தான் வாங்குகிறார்கள். அதனால் போட்டிக்கு வரும் புடவைகளில் அரிய வடிவம் ஏதாவது மாட்டவும் வாய்ப்பு இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவில் தறி போட்டு பழைய காஞ்சிபுர வடிவங்களை மீட்டபோது நெசவாளர்களுக்கு மாதிரியாக உதவியவை பழம்புடவைகள்தான். இதை மனதில் வைத்துத்தான் மன்றத்தார் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வெட்டுவதற்கு முன் உடல், கரை, முந்தானை மூன்றையும் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். கரையும் உடலும் சேரும் இடத்தில் உள்ளங்கை அளவு ஒரு துண்டைத் தைக்காமல் தனியே எடுத்துவைக்க வேண்டும். அந்த இடம் ஏன் என்றால், அங்கேதான் நெசவாளியின் கை தெரியும். வேறு வேறு நிறக் கரையையும் உடலையும் ஊடை இழைகளால் ஒன்றோடொன்று கோத்து நெய்வது கோர்வை. முந்தானைக்கு நிறம் மாற்ற வேண்டுமென்றால் பழைய பாவில் புதுப் பாவை இழை இழையாகச் சேர்ப்பார்கள், அது பேட்னி. விரலால் தடவினால் அந்த இடம் மெல்லிய வரப்பாகத் தட்டுப்படும்.

இனி ஒரு புடவையை எடுத்துக்கொண்டு முழுக்கப் பார்ப்போம். போட்டிக்குப் பெயர் கொடுத்த ஒரு மாணவி தன் அம்மிச்சியின் முகூர்த்தப் புடவையை எடுத்துவந்திருந்தார். கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கரை, அதில் தாழம்பூ ரேக்கு. அம்மிச்சி பீரோவைத் திறந்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: "நல்லா இருக்கறதத் தொடாத கண்ணு. இத்துப்போனத எடுத்துக்க, அது எனக்கும் பாரம்தான்."

முந்தானைக்கு ஒரு மீட்டர் போக நாலரை மீட்டர் உடல். மடிப்புக் கோடுகளால் அது நீளவாக்கில் பதின்மூன்று பத்தியாகவும், நடுக்கோட்டால் இரண்டு வரிசையாகவும் பிரிந்திருந்தது. ஆக இருபத்தாறு துண்டு. ஒவ்வொன்றும் 34 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம், ஒரு முனையில் கரை. வெளிச்சத்தில் பார்த்து, கட்டைவிரலால் இழுத்துப் பார்த்துக் கழித்த பிறகு தேறியவை பதினான்கு. அவற்றில் பெரும்பாலானவை மேல்கரைப் பக்கத்துத் துண்டுகள்.

அவர் முதலில் போட்ட திட்டம் அடிவரை விசிறியாக விரியும் கொசுவப் பாவாடை. அது சரிவராது என்று மன்றத்து மூத்த மாணவிகள் சொல்லிவிட்டார்கள். கொசுவம் என்றால் அழுத்தித் தேய்த்த மடிப்பு. பழைய பட்டு மறுபடி அதே போலத்தான் விடும். சுருக்கு வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மடிப்புக் கோடு எங்கேயும் நிலைக்காது, கனம் பரவி நிற்கும். குழந்தைகளின் பட்டுப்பாவாடைக்கு நம் வீடுகளில் செய்வதும் அதுதானே.

அதனால் எட்டுத் துண்டு எடுத்தார். ஒவ்வொரு பக்கமும் மடிப்பையொட்டி நைந்த ஒரு சென்டிமீட்டரை வெட்டி எறிந்து, தையலுக்கு ஒன்றரை விட்டால், 34-இல் 29 மிஞ்சும். எட்டும் சேர்ந்து 232 சென்டிமீட்டர் சுற்று. இடுப்பிலிருந்து இறங்கும் மேல்பட்டி ஒரு மீட்டர் சுற்றளவு என்றால், அதில் இந்தச் சுற்றைச் சுருக்கி ஏற்றுவது வசதியான அளவு. துண்டின் உயரம் நடுக்கோட்டு நைவும் தையலும் போக ஐம்பத்தேழரை. அதற்கு மேலே 38 சென்டிமீட்டருக்கு அரக்கு நிறப் பருத்தியில் பட்டி. மொத்தம் தொண்ணூற்றைந்தரை, கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் பாவாடை. கரை அடியில் வருவதால் ஓரம் மடித்துத் தைக்கும் வேலையே இல்லை, நெசவின் விளிம்பே ஓரமாக நின்றுவிடும். புடவையில் உடைந்த கோடுகள் எல்லாம் பாவாடையில் தையலுக்குள் போய்விட்டன. இந்த வகை வேலையில் எனக்குப் பிடித்ததே இதுதான். சேதத்தை ஒளிக்கவில்லை, வெட்டவேண்டிய இடத்தைச் சேதமே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

தையலில் ஒரு சூட்சுமம் உண்டு, அதைத் தவறவிட்டால் மேடையிலேயே கிழியும். தேறிய துண்டும் பழைய பட்டுதான். பாவாடையின் கனத்தை அது தாங்கும்படி விடக்கூடாது. ஒவ்வொரு துண்டையும் அதே அளவு மல்மல் துணியின்மேல் வைத்து, நான்கு ஓரமும் கையால் இழையோட்டி, இரண்டையும் ஒரே துணியாக வைத்துக்கொண்டுதான் மிஷினில் ஏற்ற வேண்டும். அப்போது தையல் பிடிப்பது மல்மலில், பட்டு மேலே சும்மா இருக்கும். மல்மலை முன்னாடியே நனைத்துக் காயவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு சுருங்கிப் பட்டை இழுக்கும். ஊசி மெல்லியதாக, ஒன்பது அல்லது பதினொன்றாம் நம்பர் போதும். குண்டூசி குத்தினால் பட்டில் ஓட்டை நிற்கும், அதற்குப் பதில் கிளிப் போடலாம்.

சிலர் மல்மலுக்குச் சோம்பி, பசை தடவிய ஃபியூசிங் துணியை இஸ்திரி போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அன்றைக்குப் பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் சூட்டில் நைந்த பட்டு இன்னும் காய்ந்துவிடும், துணி அட்டை போல் விறைத்து அசைவே இல்லாமல் நிற்கும், சில மாதத்தில் பசை விட்டுக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், பட்டின் தணுப்பு கைக்குக் கிடைக்காது.

முந்தானையில் அவர் கையில்லாத நீள மேல்கோட்டு தைத்தார். முந்தானையின் ஒரு மீட்டர் நீளத்தில் எழுபத்தைந்து சென்டிமீட்டர் கோட்டின் உயரமாகப் போனது. அகலம் 120 இருப்பதால் முதுகும் முன்பக்கம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கிவிட்டன. பட்டி தெரியாமல் கோட்டு மேலே விழுந்து மூடுகிறது. நடுக்கோட்டு மடிப்பு சரியாக முதுகின் நடுவில் வரும்படி வைத்து அங்கே ஒரு தையல் கொடுத்துவிட்டார். குறுக்கு மடிப்புகளை அப்படித் தையலுக்குள் கொண்டுபோக முடியவில்லை. அந்த இடத்தில் ஜரிகை இழைகள் அறுந்து முள்ளு முள்ளாக நின்றன. அவற்றை உள்ளே மல்மல் வைத்து, ஜரிகை நிறத்துப் பட்டு நூலால் குறுக்கே சின்னச் சின்னத் தையலாக அழுத்தி நிறுத்தினார். நெருங்கிப் பார்த்தால் தெரியும். தெரியட்டும் என்றுதான் மதிப்பெண் தாளிலும் சொல்லியிருக்கிறார்கள்: ஒழுங்காகச் செய்த ஒட்டுவேலைக்குக் குறைக்க மாட்டோம்.

ஜரிகைத் துணியை வெட்டும்போது இன்னொரு கவனம் வேண்டும். வெட்டினதும் ஓரம் உதிரத் தொடங்கிவிடும். அதனால் வெட்டுக் கோட்டுக்கு உள்ளே முதலில் ஒரு தையல் ஓட்டிவிட்டு, பிறகு கத்தரி வைக்க வேண்டும். அக்குளிலும் கழுத்திலும் ஜரிகை முனை சருமத்தை அறுக்கும். அங்கெல்லாம் பருத்தியைக் கிராஸாக வெட்டிப் பட்டி கட்ட வேண்டும்.

இந்த இடத்தில் மதிப்பெண் தாளுக்கு வருவோம். புடவையைப் படித்ததற்கு இருபத்தைந்து என்றேன். வெட்டுக்கும் மிச்சத்துக்கும் சேர்த்து இருபத்தைந்து, தையலுக்கு இருபத்தைந்து, உடுத்தி நடமாடும் வசதிக்குப் பதினைந்து, மேடைக்குப் பத்து. மேடைக்கு இவ்வளவு குறைவா என்று சிலர் முணுமுணுத்திருக்கிறார்கள். எனக்கு இது சரியான கணக்காகத்தான் படுகிறது. விளக்கும் பாட்டும் நடையும் எந்த ஆடையையும் தூக்கிக் காட்டிவிடும். மற்றதெல்லாம் நடுவர்கள் மேசையில் விரித்து வைத்துப் பார்க்க வேண்டியவை.

மிச்சத்தை அளக்கும் முறை எளிது. வெட்டும் முன் புடவையை எடை போட்டுக் குறித்திருக்க வேண்டும். எந்த ஆடையிலும் சேராமல் போன துணியை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். புடவை 700 கிராம், பையில் 105 கிராம் என்றால் பதினைந்து சதவீதம் வீணாகியிருக்கிறது. ஆயத்த ஆடைத் தொழிலில் வெட்டும் மேசையில் போகும் துணிக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கும் ஏறக்குறைய இதுதான். பாதி இத்துப்போன புடவையில் அதை எட்டுவது பெரிய காரியம். நம் மாணவிக்குப் பாவாடைக்குப் போக ஆறு நல்ல துண்டு மிஞ்சியது. அதில் நான்கை மேலே போட்டுக்கொள்ளும் சிறிய துப்பட்டாவாக இணைத்தார், இரண்டில் சுருக்குப்பை தைத்தார். கழித்த பன்னிரண்டு துண்டிலும் கரை மட்டும் உருப்படியாக இருந்த இடங்களை வெட்டி, பருத்திப் பட்டியின்மேல் வரிவரியாக வைத்துத் தைத்தார். துணிப் பொத்தான்களும் அதிலிருந்தே. இதற்கு மேலும் மிஞ்சியதை எங்கேயாவது ஒட்டியே தீர வேண்டும் என்று பூவும் குஞ்சமுமாகச் செய்து தொங்கவிடுகிறவர்களும் உண்டு. எடையைக் குறைக்கச் செய்யும் இந்த அலங்காரத்துக்கு மதிப்பெண் குறையும் என்று அறிவிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

தையலைப் பார்க்கும் நடுவர் முதலில் ஆடையை உள்பக்கம் திருப்புவார். ஓரம் உதிராமல் மூடியிருக்கிறதா, நூல் முனைகள் வெட்டியிருக்கிறதா, மல்மல் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். நடமாடும் வசதிக்கு, ஆடையை உடுத்தியவர் நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும், மாடிப்படி ஏறி இறங்க வேண்டும், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அதன் பிறகு தையலோரங்களை வெளிச்சத்தில் மறுபடி பார்ப்பார்கள். தையல் அறுந்திருக்காது, ஆனால் தையலை ஒட்டி இழைகள் விலகி ஏணி போல் இடைவெளி தெரியும். பட்டு கனத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, மல்மல் வேலை செய்யவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். பெரும்பாலும் இடுப்பின் பின்பக்கத்திலும் அக்குளிலும் முதலில் தெரியும்.

பருத்திப் புடவை எடுப்பவர்களுக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. மதுரைச் சுங்குடியும் கண்டாங்கியும் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பிறகு குர்தாவுக்கும் குழந்தைச் சட்டைக்கும் பிரமாதமாக இருக்கும். நைந்த இடத்தை விட்டு வெட்டினால் போதும். நைலக்ஸ், ஜார்ஜெட் புடவைகள் எளிதில் நையாது. அவை வெளியே ஒதுக்கப்படுவது பெரும்பாலும் அலுத்துப்போய்த்தான். காற்று புகாத துணி என்பதால் உடம்போடு ஒட்டும் ஆடைக்கு வேண்டாம், மேலே தளர்வாகப் போடும் அங்கிக்கு நல்லது.

அறிவிப்பின் கடைசிப் பகுதி, ஆடையோடு தர வேண்டிய ஒரு பக்கக் குறிப்பைப் பற்றியது. புடவையின் வரைபடம், எந்தத் துண்டு எங்கே போனது என்ற அடையாளம், இந்த ஆடையை எப்படிப் பராமரிப்பது என்ற விவரம், மூன்றும் அதில் வேண்டும். பராமரிப்பைப் பற்றி அந்த மாணவி எழுதியது நான்கு வரி: தண்ணீரில் நனைக்க வேண்டாம். உடுத்தியதும் நிழலில் காற்றாட விடவும். ஹேங்கரில் நாள்கணக்கில் தொங்கவிட வேண்டாம், கனத்தில் இழை இறங்கும். மடிக்காமல், பழைய வேட்டி சுற்றிய அட்டைக் குழலில் சுருட்டி வைக்கவும்.